ஆறு சிப்புக்கு எந்த டிரைவர், எவ்வளவு அலுமினியம்?

தையல் மேசைக்கு மேல் தொங்கவிட ஆறு எல்.இ.டி. சிப்களைக் கொண்டு ஒரு விளக்கு செய்வதாக வைத்துக்கொள்வோம். சிப், கிரீ நிறுவனத்தின் எக்ஸ்பி-ஜி2 வகை. பக்கத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தச் சதுரம், 700 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் சுமார் 2 வாட் மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது. அதில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறும். விளக்கு பல ஆண்டுகள் எரியுமா, சில வாரங்களில் மங்குமா என்பது அந்த வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

700 மில்லிஆம்பியர் ஓடும்போது ஒரு சிப்பின் இரு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 3 வோல்ட் நிற்கும். அப்படியானால் ஆறையும் தொடராக இணைத்து 18 வோல்ட் அடாப்டரைச் செருகினால் போதாதா? போதாது. ஒரு சிப்புக்கு 0.1 வோல்ட் கூடினாலே மின்னோட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எகிறிவிடும். அதோடு, சிப் சூடேறச் சூடேற அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் குறைகிறது. அடாப்டரோ 18 வோல்ட்டை விடாமல் கொடுக்கிறது. மின்னோட்டம் கூடுகிறது, சூடு கூடுகிறது, அதனால் மின்னோட்டம் மேலும் கூடுகிறது.

நிலை மின்னோட்ட டிரைவர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. மின்னோட்டத்தை 700 மில்லிஆம்பியரிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, வோல்டேஜைச் சிப்களின் தேவைக்கு விட்டுவிடுகிறது. ஆகவே டிரைவர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மின்னோட்டம். அடுத்து, அது எந்த வோல்டேஜ் வரம்புக்குள் வேலை செய்யும் என்பது. மீன்வெல் நிறுவனத்தின் எல்பிசி-20-700 டிரைவரின் வரம்பு 9 முதல் 30 வோல்ட். நமது 18 வோல்ட் அதன் நடுவில் வசதியாக உட்காருகிறது. இதே டிரைவரில் இரண்டே சிப்களை மாட்டினால் 6 வோல்ட்தான் வரும். பன்னிரண்டை மாட்டினால் 36 வோல்ட் வேண்டும். இரண்டுக்குமே இது பொருந்தாது.

சிப்களை மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு வரிசைகளை இணையாகக் கொடுக்கும் ஆசையும் வேண்டாம். ஒரு வரிசை அறுந்தால் மொத்த மின்னோட்டமும் மற்றதில் பாயும்.

இனி வெப்பம். ஆறு சிப்களுக்கு 18 வோல்ட், 0.7 ஆம்பியர் என்றால் 12.6 வாட். அதில் 10 வாட் வெப்பம் என்று பாதுகாப்பாகவே கணக்கு வைப்போம். சிப்பின் உள்சூடு 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது நமது இலக்கு. சிப், அது அமர்ந்திருக்கும் நட்சத்திர வடிவத் தட்டு, பேஸ்ட் ஆகியவற்றைக் கடந்து வருவதற்குள் 10, 12 டிகிரி கழிந்துவிடும். கொஞ்சம் இடைவெளி விட்டால், ஹீட் சிங்க் 70 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாத மதியத்தில் அறையே 40 டிகிரி. மிச்சம் 30 டிகிரி. அதை 10 வாட்டால் வகுத்தால் 3. வாட்டுக்கு 3 டிகிரி அல்லது அதற்குக் குறைவாகச் சூடேறும் ஹீட் சிங்க் வேண்டும். இதே விளக்கை மூடிய பெட்டிக்குள் வைத்து, உள்ளே காற்று 55 டிகிரி ஆகிவிட்டால் விடை 1.5. அதாவது, வெப்பத்தை இரு மடங்கு திறமையாக வெளியேற்றும் ஹீட் சிங்க் தேவை. பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

பொருத்துவதற்கு முன்பே வயர்களை நட்சத்திரத் தட்டில் சால்டர் செய்துவிடுவது நல்லது. பிறகு செய்தால் ஹீட் சிங்க் சால்டர் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். தளம் சமமாக இருக்கிறதா என்று எஃகு ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அதன் வேலை, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தை மிக மோசமாகவே கடத்தும். தடிமனாகப் பூசினால் அதுவே தடுப்பாகிவிடும். ஸ்க்ரூ தலை சால்டர் திட்டைத் தொட்டு ஷார்ட் ஆகாதபடி நைலான் வாஷர் போட்டு, இரு பக்கமும் மாறி மாறி முறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சால்டர் திட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மல்டிமீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. ஹீட் சிங்க்கின் இதழ்கள் செங்குத்தாக நின்றால் சூடான காற்று தடையின்றி மேலேறும்.

சிப்களை இணைத்த பிறகே டிரைவருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் சுமை இல்லாதபோது வெளியீட்டு வோல்டேஜ் உச்சத்துக்கு ஏறி நிற்கும். அப்போது சிப்களைத் தொடுத்தால் டிரைவரின் மின்தேக்கியில் சேர்ந்திருந்த மின்னூட்டம் ஒரே நொடியில் அவற்றுக்குள் பாய்ந்துவிடும்.

விளக்கை எரியவிட்டு, சிப் தொடரின் இரு முனைகளிலும் வோல்டேஜை அளந்துகொண்டே வரலாம். சூடேற ஏற அது மெல்ல இறங்கும். இறக்கம் நின்றால் வெப்பம் சமநிலைக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரமாகியும் இறங்கிக்கொண்டே இருந்தால் ஹீட் சிங்க் போதவில்லை, அல்லது அதைச் சுற்றிக் காற்று தேங்குகிறது. ஆறு தட்டுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதன் அடியில் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை என்று கொள்ளலாம். மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, அந்த ஒன்றை மட்டும் கழற்றித் துடைத்து மீண்டும் பூசினால் போதும்.