நரைக்கு வேண்டியது கொஞ்சம் நீலம்

எண்பதைத் தாண்டிய பெரியவர்களை வீட்டில் வைத்துப் படம் எடுத்தால் முகம் பெரும்பாலும் நன்றாக வந்துவிடும். கெடுவது தலைமுடிதான். நேரில் வெள்ளியாக மின்னுகிற நரை, படத்தில் பழுப்பேறி, எண்ணெய்ச் சிக்குப் பிடித்ததாகத் தெரியும். பல இடங்களில் இதற்குச் செய்யும் வைத்தியம், முடியில் இருக்கும் மஞ்சளை மொத்தமாக உறிஞ்சி எடுத்துவிடுவது. பழுப்பு போய்விடும், கூடவே பளபளப்பும் போய்விடும். மிஞ்சுவது உயிரில்லாத சிமெண்ட் நிறம். பாட்டியின் படத்தை வாங்கிப் பார்க்கும் மகள், "அம்மாவுக்கு முடி இப்படியா இருக்கும்?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

நரைத்த முடியில் மெலனின் என்கிற நிறமி இல்லை. ஒரே ஒரு முடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், அது வெள்ளை என்பதைவிட நிறமே இல்லாதது என்று தெரியும். அதனால் சுற்றியிருக்கும் ஒளி என்ன நிறமோ அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். கூடத்தில் எரியும் மஞ்சள் எல்இடி விளக்கின் ஒளி சுமார் 3000 கெல்வின். நண்பகல் வெளிச்சம் 5500 கெல்வினை ஒட்டியது. எண் குறையக் குறைய ஒளியில் மஞ்சள் கூடும். நம் கண் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், கேமரா முழுதாகச் சரிக்கட்டாது. பக்கத்துச் சுவர் சந்தன நிறமாக இருந்தால் அதுவும் முடியில் ஏறும். தேங்காயெண்ணெய் தடவிய தலையில் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் ஒளி சிதறுவது குறைந்து, முடி இன்னும் மங்கலாகத் தெரியும். முதல் நாளே தலைக்குக் குளித்துவிட்டு, படம் எடுக்கும் நாளில் எண்ணெய் வைக்காமல் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

இன்னொரு பாதி, விளக்கை அணைப்பதில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சமும் மேலே விளக்கும் சேர்ந்தால் முடியின் ஒரு பக்கம் நீலமாகவும் உச்சி மஞ்சளாகவும் வரும். எந்த ஒரு திருத்தமும் இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்யாது. ஜன்னல் மட்டும் போதும்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ். இங்கே நம் ஊரில் எளிதாக ஏமாறக்கூடிய ஒரு விஷயம் உண்டு. தாத்தாவின் வேட்டி வெள்ளைதானே என்று, கணினியில் அதைத் தொட்டு 'இதுதான் வெள்ளை' என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடுகிறோம். வேட்டியோ நீலம் போட்டு அலசியது. அந்த நீலத்தை வெள்ளையாக்க மென்பொருள் படம் முழுவதிலும் மஞ்சளைக் கூட்டிவிடும். நரை முன்பைவிடப் பழுப்பாகும். அச்சுக்குப் பயன்படும் வெள்ளைத் தாளிலும் பெரும்பாலும் நீல ஒளியைக் கூட்டும் ரசாயனம் இருக்கிறது, அதுவும் இதே குழப்பத்தைத் தரும். புகைப்படக் கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டையை முகத்தருகே பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வதுதான் நம்பகமான வழி. முடிந்தால் ரா கோப்பாகவே எடுங்கள், நிறத்தை மாற்ற இடம் அதிகம் கிடைக்கும்.

ஆனால் வேட்டி ஒரு நல்ல பாடமும் சொல்கிறது. பழுப்பேறிய வேட்டியில் இருந்து மஞ்சளை யாரும் எடுப்பதில்லை, நீலத்தைச் சேர்க்கிறார்கள். முடிக்கும் அதையேதான் செய்ய வேண்டும்.

ஒரு பாட்டியின் படத்தை எடுத்துக்கொள்வோம். ஒயிட் பேலன்ஸ் சரிசெய்தாகிவிட்டது. முகத்துக்குக் கொஞ்சம் இளஞ்சூடு வேண்டுமென்று விட்டுவைத்ததால் முடியில் மஞ்சள் மிச்சமிருக்கிறது. போட்டோஷாப்பில் காதுக்கு மேலே உள்ள முடியை அளந்தால் சிவப்பு 214, பச்சை 201, நீலம் 168. சாம்பலுக்கும் வெள்ளிக்கும் மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே சிவப்பும் பச்சையும் பக்கம் பக்கமாக இருக்க, நீலம் மட்டும் பின்தங்கிவிட்டது. மஞ்சள் என்று நாம் பார்ப்பது அந்தக் குறையைத்தான்.

Hue/Saturation கருவியில் மஞ்சளை அடியோடு குறைத்தால், மென்பொருள் இருப்பதில் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் நடுவில் போய் நிற்கும். 214, 168 இரண்டுக்கும் நடு 191. மூன்று நிறமும் அங்கே இறங்கிவிடும். 245, 238, 215 என்று மின்னிக்கொண்டிருந்த இழைகூட 230-க்கு வந்துவிடும். சிமெண்ட் நிறம் இப்படித்தான் வருகிறது.

அதற்குப் பதிலாக Curves லேயர் ஒன்றைச் சேர்த்து, Blue வளைவில் 168-ஐ 205-க்கு ஏற்றுங்கள். சிவப்பை 214-இலிருந்து 206-க்கு இறக்குங்கள். அதை விட்டுவிட்டால் முடி ரோஜா நிறம் காட்டும். பச்சைக்கு மூன்று புள்ளி ஏற்றம் போதும். இப்போது 206, 204, 205. முடி வெளிச்சத்தை இழக்கவில்லை.

வெள்ளியாகத் தெரிவதற்கு இது மட்டும் போதாது. எல்லா இடமும் ஒரே நடுநிலையில் இருந்தால் கண் அதைச் சாம்பல் என்றே படிக்கும். கொண்டையின் மடிப்பில் உள்ள நிழலில் நீலம் ஐந்து புள்ளி முந்தியிருக்கட்டும்: 98, 99, 103 என்பது மாதிரி. மின்னும் இழைகளில் சிவப்பு கொஞ்சம் முந்தியிருக்கட்டும்: 241, 239, 236. எந்த இழையும் 255-ஐத் தொடக்கூடாது; தொட்டால் அந்த இடத்தில் முடியே இருக்காது, வெறும் வெள்ளைத் திட்டுதான். கடைசிப் பொட்டு மஞ்சளையும் துடைத்துவிட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். நிஜ நரையில் அது இருக்கிறது.

இந்தத் திருத்தம் முடியில் மட்டும் விழ வேண்டும். லேயரின் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, ஓரம் மென்மையான தூரிகையால் முடிமேல் வெள்ளை தீட்டுங்கள். தவறினால் காதில் இருக்கும் கம்மலும் பட்டுச்சேலையின் ஜரிகையும் தகரமாகிவிடும், மஞ்சள் பூசிய முகம் வெளிறிவிடும். கவனம் அதிகம் வேண்டிய இடம் நெற்றி ஓரமும் வகிடும். வயதானவர்களுக்கு அங்கே முடி மெலிந்து தலைத்தோல் தெரியும். அதன்மேல் முழு வேகத்தில் நீலம் விழுந்தால் தோல் ஊதாவாகி, நோயாளியின் முகம் வந்துவிடும். தூரிகையின் அடர்த்தியை 30 சதவீதத்துக்குக் குறைத்து, தோல் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பறக்கும் இழைகளுக்குப் பின்னால் வெளிர் சுவர் இருந்தால் தலையைச் சுற்றி நீல வளையம் விழும். படத்தைச் சிறிதாக்கித் தள்ளி நின்று பார்த்தால் அது உடனே தெரியும்.

மருதாணி போட்டு வளர்ந்து வெளுத்த முடிக்கு இந்த எண்கள் பொருந்தாது. அதில் இருப்பது சாயம்; முழுக்க எடுத்தால் அவர் முகத்துக்கே அந்நியமாக இருக்கும்.

வேலை செய்யும் திரையில் இரவுக்கான மஞ்சள் ஒளி இயங்கிக்கொண்டிருந்தால், அதை ஈடுகட்ட நீலத்தை அள்ளிப் போட்டுவிடுவோம். பிரிண்ட் ஊதாவாக வரும். அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பெரிய அளவில் சட்டம் போடுவதற்கு முன் 4க்கு 6 அங்குலத்தில் ஒரு பிரதி எடுத்து, பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மாலையில் கூடத்து விளக்கில் பார்த்து, மஞ்சளாக இருக்கிறதே என்று திரும்பப் போய்த் திருத்தாதீர்கள். அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்தால் பாட்டியின் தலையும் அப்படித்தான் தெரியும்.