சாதுவாகப் படுத்திருக்கும் நோயாளி

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள். 78 வயது அம்மாள் காலையிலிருந்து கண்ணை மூடியே கிடக்கிறார். முனகவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. "நல்லா தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம்" என்கிறார் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருப்பவர்.

முதியோர் நலப் பாடத்தில் செவிலியர் மாணவிகளுக்கு ஒப்படைப்பாகக் கொடுக்கத்தக்க மாதிரி நோயாளி இவர். டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் என்றதும் கத்துவதும், ஊசிக்குழாயைப் பிடுங்குவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வயதானவர்களிடம் அதிகம் காணப்படுவதோ இந்த மந்தமான வகைதான். தொல்லை தராத நோயாளியை யாரும் சந்தேகிப்பதில்லை. அதனால்தான் இது கண்ணில் படாமல் போகிறது.

மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளரும். டெலிரியம் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் உளறுவார், நடுவில் மீண்டும் தெளிவார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அந்தத் தெளிவான பத்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. எடின்பரோவில் உருவான 4ஏடி என்ற சோதனையைச் சில நிமிடங்களில் கட்டிலருகிலேயே முடித்துவிடலாம். அதில் நான்கு பகுதிகள். முதலில் விழிப்பு நிலை. மாணவி பெயர் சொல்லி அழைத்துத் தோளைத் தொடுகிறாள். அம்மாள் கண் திறக்கிறார், பாதி வாக்கியத்தில் மீண்டும் சொக்கிப்போகிறார். இதற்கு 4 மதிப்பெண். அடுத்து வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு. இடத்தையும் ஆண்டையும் தவறாகச் சொல்கிறார். இரண்டு பிழைக்கு 2. (பிறந்த தேதியே பதிவாகாத தலைமுறையினர் அதைச் சொல்லத் திணறுவதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.) மூன்றாவது, டிசம்பரில் தொடங்கி மாதங்களைப் பின்னோக்கிச் சொல்வது. ஏழு மாதமாவது சரியாக வரவேண்டும்; இவர் அக்டோபரோடு நின்று ஜன்னலைப் பார்க்கிறார். 1.

நான்காவது கேள்விக்கு விடை வீட்டாரிடம் இருக்கிறது. "நேத்து சாயங்காலம் பேப்பர் படிச்சாங்க சிஸ்டர். இன்னைக்கு என்னையே அவங்க அக்கான்னு நினைச்சுக் கூப்பிடறாங்க" என்கிறார் மகள். திடீர் மாற்றத்துக்கு 4. ஆக மொத்தம் 11. நான்கைத் தொட்டாலே டெலிரியமாக இருக்கலாம் என்று டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் மதிப்பெண் காரணத்தைச் சொல்லாது. அதைத் தேடுவதில்தான் செவிலியரின் கெட்டிக்காரத்தனம் தெரியும். கேஸ் ஷீட்டைப் புரட்டினால், முந்தின இரவு தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வலி மாத்திரை ஒரு வேளை விட்டுப்போயிருக்கிறது. அதிகாலையில் சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு சிறுநீர் போனதாகக் குறிப்பே இல்லை. அடிவயிற்றைத் தொட்டால் விம்மியிருக்கிறது. கண்ணாடி கைப்பைக்குள் கிடக்கிறது. காது கேட்கும் கருவியை அறுவை அரங்குக்குப் போகும்போது கழற்றியதோடு சரி. பெரும்பாலும் இப்படித்தான், ஒரே காரணம் என்று கைகாட்ட முடியாது. தேங்கிய சிறுநீரை வெளியேற்றி, வலியைக் கட்டுப்படுத்தி, தூக்க மாத்திரையை டாக்டர் நிறுத்திய பிறகும் தெளிவு உடனே வந்துவிடாது. சிலருக்கு நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள்.

வராமலே தடுக்க முடியுமா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஷாரன் இனூயி குழுவினர் 70 வயதைக் கடந்த 852 உள்நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். புது மருந்து எதுவும் இல்லை. நாள், இடம் சொல்லிப் பேச்சுக் கொடுப்பது, தினமும் எழுப்பி நடக்கவைப்பது, கண்ணாடியும் காது கருவியும் கைக்கெட்டும்படி வைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது. தூக்கம் வராதவருக்கு மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பால், மெல்லிய இசை, முதுகுநீவல்; இரவில் வார்டில் சத்தக் குறைப்பு. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. இந்தக் கவனிப்பில் 9.9 சதவீதம்.

அந்த ஆய்வில் ஒரு குறையும் தெரிந்தது. டெலிரியம் வந்துவிட்டவர்களுக்கு அதன் தீவிரத்தையோ, அது திரும்ப வருவதையோ இந்த ஏற்பாடுகளால் பெரிதாகக் குறைக்க முடியவில்லை. ஆகவே கண்ணாடியையும் தண்ணீரையும் பற்றிய கேள்விகளை நோயாளி வார்டுக்கு வந்த முதல் நாளே கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும்.