உடன்பிறந்தாரை இழந்த கட்டிளைஞர்

1867ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, ஸ்கொத்லாந்து தேசத்தில், பனிக்கட்டியின்மேற் சறுக்கி விளையாடுமிடத்தில் டேவிட் என்னும் சிறுவன் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தான். மறுநாள் அவனுக்கு 14 வயது நிறைவதாயிருந்தது. அவன் தம்பி ஜேம்சுக்கு அப்போது வயது 6. ஏறத்தாழ 77 ஆண்டுகள் கழிந்தபின், 1944ஆம் ஆண்டு மே மாதத்திலே, அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், பருத்தி பயிரிட்டு வாழ்ந்த ஓர் ஏழைக் குடும்பத்துப் பையன் ஜாக் என்பவன், மரம் அரியும் வட்ட வாளில் அகப்பட்டுச் சில நாட்கள் கிடந்து இறந்தான். அவனுக்கும் வயது 14. அவன் தம்பிக்கு வயது 12.

இத்தம்பியர் இருவரும் பிற்காலத்திற் புகழ்பெற்றனர். முன்னவர் "பீற்றர் பான்" என்னும் நாடகத்தை எழுதிய ஜேம்ஸ் பாரி. பின்னவர் பாடகர் ஜொனி காஷ். இருவரும் தத்தம் துயரத்தைத் தாமே நூல்களில் எழுதி வைத்துள்ளனர். இறந்த தமையன்மார் ஏறக்குறைய ஒரே வயதினர். எஞ்சிய தம்பியரின் வயதே வேறு. அவ்வயது வேற்றுமை துயரத்தின் வடிவத்தையே எவ்வாறு மாற்றிவிடுகின்றது என்பதை இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெளிவாகக் காணலாம்.

ஆறு வயது ஜேம்ஸ் செய்தவை யாவை? மகனை இழந்த தாய் படுக்கையே கதியெனக் கிடந்தாள். தமக்கை சொல்லியனுப்ப, அவன் இருண்ட அறைக்குள் நுழைந்தான். வந்திருப்பது நீயா என்று தாய் வினவினாள். அவள் இறந்தவனையே அழைக்கிறாள் என உணர்ந்த குழந்தை, தான் அவனல்லன் என்று விடை சொன்னது. அன்றுதொட்டுத் தாயைச் சிரிக்கவைப்பதே அவன் தொழிலாயிற்று. அவள் சிரிக்குந்தோறும் ஒரு தாளிற் கோடிட்டுக் கணக்கெழுதி, வைத்தியர் வரும்போது காட்டுவான். பின்னொரு நாள், தமையன் சீழ்க்கையடிக்கும் விதத்தைப் பிறரிடம் கேட்டுப் பழகி, அவனுடைய உடுப்பையே அணிந்துகொண்டு தாயின்முன் போய் நின்றான்.

இதைப் பெரியவர்கள் விளையாட்டென்று எண்ணக்கூடும். ஆனால், சிறு குழந்தையின் துயரம் விளையாட்டாயும் செயலாயுமே வெளிப்படும். வெற்றிடம் ஒன்று உண்டாயிற்று. அதை ஓர் ஆள் நிரப்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது அதன் கணக்கு. 1948ஆம் ஆண்டில் மரியா நாகி என்னும் அம்மையார், புடாபெஸ்ட் நகரத்தில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 பிள்ளைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், 5 வயதுக்குட்பட்டோர் சாவை ஒரு பிரயாணம் போலவோ உறக்கம் போலவோ கருதுகின்றனர் எனக் கண்டார். இறந்தவர் மீளார் என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையிலேயே விளங்கிக்கொள்கின்றனர் எனப் பின்வந்த ஆய்வாளர் கூறினர். ஆகவேதான் சிறு பிள்ளை ஒரு கணம் தேம்பி அழுதுவிட்டு, மறுகணம் பந்தெடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிறது, அண்ணா எப்போது வருவார் என்று பத்தாம் முறையாகவும் கேட்கிறது, படுக்கையை நனைக்கிறது, தாயின் சேலைத் தலைப்பை விடமறுக்கிறது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வழிகள் அடைபட்டுவிட்டன. அண்ணன் வரமாட்டான் என்பதை அது பெரியவரைப் போலவே அறியும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. கட்டிளமைப் பருவம் தொடங்கும்போது, நடந்ததை மட்டுமன்றி நடந்திருக்கக்கூடியதையும் எண்ணிப் பார்க்கும் ஆற்றல் மனத்தில் முளைக்கின்றது. கணிதத்தில் "எனின்" என்று தொடங்கி வாதிக்கக் கற்கும் அதே ஆற்றல் துயரத்திலும் தொழிற்படுகின்றது. அச் சனிக்கிழமை காலையில் ஜொனி மீன்பிடிக்கப் புறப்பட்டான். தமையனையும் உடன்வருமாறு அழைத்தான். வீட்டுக்குப் பணம் தேவையென்று, 3 டொலர் கூலிக்காக ஜாக் மரவேலைக்குப் போனான். தான் இன்னும் வற்புறுத்தியிருந்தால், தானும் வேலைக்குச் சென்றிருந்தால் என்று தொடரும் எண்ணச் சங்கிலிக்கு முடிவேது?

சிறு குழந்தைக்கும் குற்றவுணர்வு உண்டு. ஆனால் அது வேறு வகையானது. சண்டையிலே "நீ செத்துப்போ" என்று சொன்னதால் தம்பி இறந்தான் என்று குழந்தை அஞ்சும். சொல் ஒருவரைக் கொல்லாது என்று அன்போடு சிலமுறை எடுத்துச் சொன்னால் அவ்வச்சம் பெரும்பாலும் தணியும். கட்டிளைஞனின் குற்றவுணர்வு காரணகாரியத் தொடர்பால் அமைந்தது. "உன்மேற் பிழையில்லை" என்ற ஒரு வசனத்தால் அதைத் துடைக்க முடியாது. அன்று என்ன நடந்தது, யார் எதை அறிந்திருந்தனர், எதை அறிந்திருக்க இயலாது என்பவற்றை அவன் விரும்பும்போது அவனுடனிருந்து படிப்படியாகப் பேச ஒருவர் வேண்டும். மருத்துவர் சொன்ன விபரங்களை அவனிடம் மறைப்பது பெருந்தவறு. மறைத்த இடத்தை அவன் மனம் அதனினும் கொடிய கற்பனையால் நிரப்பிக்கொள்ளும்.

ஆனால், பேசுவதற்கு அவன் முன்வருவதில்லை. செத்தவீட்டுக்கு வருவோர் அவன் தோளைத் தட்டி, "அம்மாவைக் கவனமாய்ப் பார்த்துக்கொள், தம்பி; இனி நீதான் வீட்டுக்குத் துணை" என்று சொல்லிச் செல்வர். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்வார்த்தைகள், நீ அழுவதற்கு இது நேரமன்று என்ற கட்டளையாகவே அவன் காதில் விழுகின்றன. தாயின் முகத்தைப் பார்த்துத் தன் கண்ணீரை அடக்குகின்றான். வகுப்பறையிலோ, தான் மற்றவரினின்றும் வேறானவன் என்று காட்டிக்கொள்ள அப்பருவத்தில் எவனும் விரும்பான். ஆதலால் அங்கும் சிரித்துப் பேசித் திரிகின்றான். "கல்நெஞ்சன், அண்ணன் செத்தும் அழவில்லை" என்று அயலார் சொல்லும் பிள்ளை, இரவிலே தமையனுடைய சட்டையை முகத்தில் மூடிக்கொண்டு விழித்துக் கிடப்பதை அவர்கள் அறியார்.

ஜொனியின் வீட்டில் அழுவதற்கு நேரமும் இருக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே குடும்பம் முழுவதும் பருத்தி வயலுக்குத் திரும்பியது. பயிர் காத்திருக்காது. வறுமை எந்த நாட்டிலும் துக்கத்துக்கு விடுமுறை கொடுப்பதில்லை.

இன்னொரு சுமையும் உண்டு. கட்டிளைஞன் தான் யார் என்பதைப் பெரும்பாலும் மூத்தவனோடு ஒத்தும் முரண்பட்டுமே கண்டுபிடிக்கின்றான். மூத்தவன் இறந்ததும், பெற்றோர் நாவில் அவன் குறையற்றவனாகி விடுகின்றான். ஜாக் சமயப்பற்றுள்ளவன், போதகராக வேண்டுமென்றிருந்தவன். இத்தகைய ஒருவனோடு ஒப்பிடப்பட்டு வாழ்வது எளிதன்று. ஆறு வயது ஜேம்ஸ் தமையனின் சட்டையை ஒரு நாள் அணிந்து கழற்றினான். பதின்மூன்று வயதுப் பிள்ளையோ, அண்ணன் கற்க எண்ணிய மருத்துவத்தைத் தானே கற்கவேண்டும் என்று சட்டையைக் கழற்றாமலே வாழ்ந்துவிடக்கூடும்.

மௌனம் எல்லாமே ஆபத்தானதன்று. நண்பனோடு சேர்ந்து நெடுந்தூரம் சைக்கிளோடிவிட்டு வரும் பிள்ளை, தன் வழியில் துயரத்தைச் சுமக்கின்றான். கவனிக்கவேண்டியது மாறுதலை. முன்பு படித்தவன் பல மாதமாகப் புத்தகத்தைத் தொடாமை, உறக்கமும் உணவும் கெடுதல், உயிருக்கு அஞ்சாத துணிகரச் செயல்கள், மதுவை நாடுதல் ஆகியவை பேசாத துயரத்தின் பேச்சுக்களாம். தமையனிடம் தானும் போய்விட வேண்டும் என்று ஒருமுறை சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட நோய் வகுப்பு நூல், நீடித்துத் தணியாத துயரத்தை நோயெனக் கொள்வதற்குப் பெரியோருக்கு 12 மாதங்களையும், பிள்ளைகளுக்கும் கட்டிளைஞருக்கும் 6 மாதங்களையும் எல்லையாக வகுத்துள்ளது. அதற்காக ஆறு மாதத்தில் துயரம் தீர்ந்துவிடவேண்டும் என்பதில்லை. வாழ்க்கை நகராமல் நின்றுவிட்டதா என்பதே கேள்வி.

இறந்தவரை மறந்தாலே மனம் தேறும் என்று உளநூலார் ஒருகாலத்திற் கருதினர். இன்று பலர் அவ்வாறு கருதுவதில்லை. எஞ்சியவர் இறந்தவரோடு உள்ளத்தில் ஓர் உறவை வளர்த்துக்கொண்டே வாழ்கின்றனர் என்பர். ஜேம்ஸ் பாரியின் தாய்க்கு டேவிட் கடைசிவரை 13 வயதுப் பிள்ளையாகவே இருந்தான். ஜொனி காஷ் தம் முதுமையில் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலோ, ஜாக் அடிக்கடி தம் கனவில் வருவதாக எழுதினார். கனவில் வந்தவன் 14 வயதுச் சிறுவனல்லன். தம்பியோடு தானும் முதிர்ந்து, தலை நரைத்த கிழவனாகவே வந்தான்.