உயிர்மெய்யும் மூளையும்

'கொடி' என்ற சொல்லை நேயர்கள் ஒரு முறை உற்று நோக்குமாறு வேண்டுகிறோம். வாய் முதலில் ஒலிப்பது 'க்' என்னும் மெய். அதற்குப் பின்னரே 'ஒ' என்னும் உயிர். கண் காண்பதோ வேறு. முதலில் ஒற்றைக் கொம்பு நிற்கிறது; அதன் பின் ககரம்; அதற்கும் பின் ஒரு கால். கொம்பும் காலும் கூடினால்தான் 'ஒ' ஆகும். பின்னால் வரவேண்டிய உயிர் இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் காவல் நிற்கிறது! படிக்கத் தெரிந்த நமக்கு இதில் யாதொரு விந்தையும் தோன்றுவதில்லை. ஆனால் கண் கண்ட வரிசை ஒன்று, நா சொல்லும் வரிசை மற்றொன்று என்னும்போது, இடையில் யாரோ ஒருவர் வரிசையை மாற்றியமைக்க வேண்டுமன்றோ? அந்த வேலையைச் செய்வது மூளை.

இங்கிலீஷ் முதலிய ஐரோப்பிய பாஷைகளில் ஒலிக்கு ஓர் எழுத்தென்று பெயர் பண்ணி, மணி கோத்தாற்போல் இடமிருந்து வலமாக அடுக்கிவிடுகிறார்கள். ஜப்பானியரின் 'கானா' எழுத்தில் ஓர் அசைக்கு ஓர் எழுத்து. ஆனால் அவர்களுடைய 'கா', 'கி', 'கு' மூன்றுக்கும் உருவத்தில் எவ்வித உறவும் கிடையாது. நமது எழுத்து இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. எழுத்து அசையைக் குறிக்கிறது. எனினும் அந்த எழுத்துக்குள் மெய்யின் பங்கு இது, உயிரின் பங்கு இது என்று பிரித்துக் காணலாம். இதற்குப் பெயர் தேட மேல்நாட்டுப் பண்டிதர்கள் வெகுவாகச் சிரமப்பட்டார்கள். நம் இலக்கணக்காரர்கள் 'உயிர்மெய்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். தமிழ் மட்டுமல்ல; தேவநாகரி, வங்காளம், கன்னடம், சிங்களம் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இத்தகைய எழுத்தில் பழகிய மூளையும், ரோமன் எழுத்தில் பழகிய மூளையும் ஒரே விதமாகத்தான் வாசிக்கின்றனவா? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில், வாசிப்புக்கென்று மூளையில் தனி இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். 1887-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், நன்கு படித்த ஒரு வியாபாரி திடீரென்று ஒரு நாள் எழுத்துக்களை வாசிக்க இயலாதவரானார். பார்வை கெடவில்லை; பேச்சும் கெடவில்லை. கையில் பேனாவைக் கொடுத்தால் பிழையின்றி எழுதுவார். ஆனால் தாம் எழுதியதையே சற்றுப் பொறுத்துக் காட்டினால் அவரால் வாசிக்க முடியாது! டெஜரீன் என்னும் வைத்தியர் அவரை ஆராய்ந்து வந்தார். 1892-இல் அவர் காலமான பின்பு மூளையைப் பரிசோதித்தபோது, இடப்பக்கத்தின் பின்புறத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சிதைவு ஏற்பட்டிருக்கக் கண்டார். இக்காலத்தில் உயிருள்ளவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் மிகுதியாகப் பாய்கிறதென்பதைக் காந்தப் படக் கருவியால் காண்கிறார்கள். அக்கருவியும் ஏறக்குறைய அதே வட்டாரத்தைத்தான் காட்டுகிறது: இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில், சற்றுப் பின்னால். இதனை 'எழுத்து வாசல்' என்று நாம் அழைத்துக் கொள்வோம்.

எழுத்து உலகில் தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகளே ஆகின்றன. ஆதலால் இவ்வாசல் பிறவியிலேயே வாசிப்புக்கென்று அமைந்ததாக இருக்க முடியாது. உருவங்களை இனங்கண்டு கொண்டிருந்த ஓரிடம், பழக்கத்தால் எழுத்துக்கு இசைந்து கொடுக்கிறது. லக்னோவை அடுத்த கிராமங்களில், எழுத்தறியாதவர்களையும் தேவநாகரி படித்தவர்களையும் காந்தப் படம் பிடித்து ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாரிஸில் எங்கே வாசலோ அங்கேதான் லக்னோவிலும் வாசல். எழுத்து கற்றதனால் முகங்களை அறியும் சக்தி அவ்விடத்தை விட்டு விரட்டப்படவும் இல்லை. வாசல் பொதுவானது, எழுத்து முறைக்கு எழுத்து முறை அது இடம் மாறுவதில்லை.

வாசலைத் தாண்டிய பிறகுதான் வழி பிரிகிறது. ஒன்று மேல் வழி. காதுக்கு மேலும் பின்னும் உள்ள பகுதியின் வழியே, எழுத்தை ஒலியாக மாற்றி, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கும் வழி. நம் ஊரில் 'எழுத்துக் கூட்டிப் படித்தல்' என்கிறோமே, அதுதான். மற்றொன்று கீழ் வழி. சொல்லின் முழு உருவத்தையும் பழகிய முகம்போல் கண்டு, நேரே பொருளுக்குச் செல்வது. எந்த எழுத்து முறைக்கும் இரண்டும் வேண்டும். எதன்மீது பாரம் அதிகம் என்பதே கேள்வி.

ஹரியானாவில் மானேசர் என்னுமிடத்திலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நந்தினி சாட்டர்ஜி சிங் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் இதற்கு ஓர் அழகிய பரீட்சை செய்து 2011-இல் வெளியிட்டார்கள். ஹிந்தி, இங்கிலீஷ் இரண்டும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்களை அழைத்தார்கள். அவர்களில் 14 பேர் 5 வயதில் இரண்டு எழுத்தையும் ஒருசேரக் கற்றவர்கள். 10 பேர் 5 வயதில் ஹிந்தியும், 10 வயதான பிறகே இங்கிலீஷும் கற்றவர்கள். இரு மொழிச் சொற்களையும் வாசிக்கச் செய்து, மூளையைப் படம் பிடித்தார்கள். ஒரே மொழி வாசிப்பவர்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

ஒருசேரக் கற்றவர்களிடம் வழிகள் தெளிவாகப் பிரிந்திருந்தன. ஹிந்தியை வாசிக்கும்போது மேல் வழியும், இங்கிலீஷை வாசிக்கும்போது கீழ் வழியும் மிகுதியாக வேலை செய்தன. அதாவது ஹிந்திக்கு ஹிந்திக்காரரைப் போலவும், இங்கிலீஷுக்கு இங்கிலீஷ்காரரைப் போலவும் அவர்கள் வாசித்தார்கள். முதலில் ஹிந்தி, பிறகு இங்கிலீஷ் என்று கற்றவர்களோ இரண்டையும் மேல் வழியிலேயே வாசித்தார்கள். முதலில் போட்ட பாதையிலேயே இரண்டாவது வண்டியும் ஓடுகிறது; வளர்ந்து பெரியவர்களான பிறகும் அந்தச் சுவடு மாறவில்லை.

காரணம் காண்பது கடினமன்று. இங்கிலீஷில் 'ரஃப்', 'டோ', 'த்ரூ' என்ற மூன்று சொற்களும் 'ஓ, யூ, ஜி, எச்' என்ற அதே நான்கு எழுத்தில் முடிகின்றன. ஒலியோ மூன்று விதம். எழுத்துக் கூட்டி என்ன பயன்? சொல்லை முழுதாக அறிந்தவனே பிழைப்பான். ஹிந்தியில் அப்படியில்லை. 'கமல' என்று எழுதியதைக் 'கமல்' என்று வாசிப்பது போன்ற சில வழக்கங்கள் உண்டு என்றாலும், எழுத்தைக் கண்டால் ஒலி பெரும்பாலும் நிச்சயம். தமிழும் ஏறக்குறைய அப்படியே. ஒரே ககரம் 'கல்' என்பதில் ஒரு விதமாகவும் 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும் ஒலித்தாலும், எங்கே எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒழுங்கு உண்டு.

இங்கே வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். "பார்த்தீர்களா, நமது எழுத்து மூளையையே வேறு விதமாக அமைக்கிறது!" என்று தேசாபிமானிகள் சிலர் உடனே கொடி தூக்கிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். ஹிந்திக்கும் இங்கிலீஷுக்கும் வேற்றுமை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள நேர்மை; மற்றொன்று, உயிர்மெய் வடிவம். மேல் வழியில் பாரம் ஏறுவதற்கு முதலாவதே போதிய காரணமாகலாம். இத்தாலிய மொழி ரோமன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. ஆனால் எழுதியபடியே ஒலிப்பது. அதை வாசிப்பவர்களும் ஒலி கூட்டும் வழியையே மிகுதியும் நாடுகிறார்கள். ஆகவே மானேசர் முடிவில் உயிர்மெய்க்கென்று எவ்வளவு பங்கு என்பதை அந்தப் பரீட்சை மட்டும் பிரித்துச் சொல்லாது. மேலும் 14 பேர், 10 பேர் என்பது சிறு கூட்டம். 5 வயதிலேயே இங்கிலீஷ் கற்றவர்கள் வளர்ந்த வீடும் படித்த பள்ளியும் மற்றவர்களுடையவற்றினின்று வேறாக இருந்திருக்கவும் கூடும். எந்த வழி சிறந்தது என்றும் அது தீர்ப்புச் சொல்லவில்லை. எது எங்கே ஓடுகிறது என்று மட்டுமே சொல்கிறது.

உயிர்மெய் வடிவத்தின் பங்கைத் தனியே காண வேண்டுமானால், ஒரே எழுத்து முறைக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். தேவநாகரியில் குறில் இகரத்தின் குறி மெய்க்கு இடப்பக்கம் நிற்கிறது. வாசிப்பதோ மெய்க்குப் பின். நமது கொம்பைப் போலத்தான். இத்தகைய குறியுள்ள சொற்களை வாசிக்க, குறி ஒழுங்காக வலப்பக்கம் நிற்கும் சொற்களைவிடச் சற்று அதிக நேரம் பிடிப்பதை வைத், குப்தா என்ற இரு ஆராய்ச்சியாளர் 2002-இல் காட்டினார்கள். எழுத்தை வெறும் அசைப் படமாக மட்டும் மூளை விழுங்கியிருந்தால், குறி எந்தப் பக்கம் நின்றால் என்ன? தாமதம் உண்டாவதால், படித்துத் தேர்ந்தவர்களுடைய மூளைகூட எழுத்தைப் பிரித்து உயிர் வேறு மெய் வேறாகக் காண்கிறது என்று தெரிகிறது. எனினும் அசையை அது விட்டுவிடுவதும் இல்லை.

குழந்தைகளிடம் இதன் விளைவு இன்னும் வெளிப்படை. ரோமன் எழுத்து 26. நமக்கோ நெடுங்கணக்கில் 247. 216 உயிர்மெய்களைத் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆயினும் கு, சு, டு, ணு என்று உகரம் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொள்கிறது. (1978-க்கு முன் படித்த பெரியவர்களுக்கு ணை, லை, ளை, னை எழுத்துக்களின் யானைத் துதிக்கை நினைவிருக்கும். எழுத்துச் சீர்திருத்தம் அதைப் போக்கிற்று. உகரத்தில் கை வைக்கவில்லை.) கன்னடக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் என்பவர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எழுத்துக்களைக் கற்று முடிக்க இங்கிலீஷ் குழந்தைகளைவிட நமது குழந்தைகளுக்குப் பல வருஷம் அதிகம் பிடிக்கிறது என்று காட்டினார். அசையைப் பிரிக்க அவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அசைக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரிக்கும் திறமையோ மெதுவாகவே வருகிறது.

இதனால் இரண்டு விபரீதங்கள் நேரக்கூடும். வாசிப்பில் குறையுள்ள குழந்தையைக் கண்டுபிடிக்க இங்கிலீஷுக்கென்று ஏற்பட்ட பரீட்சைகளில், "'பட்டம்' என்பதில் முதல் ஒலியை நீக்கிச் சொல்" என்பது போன்ற கேள்விகள் முக்கியம். நமது இரண்டாம் வகுப்புக் குழந்தை 'ட்டம்' என்று விடை சொல்லும். பரீட்சையோ 'அட்டம்' என்ற விடையை எதிர்பார்க்கும். குழந்தை 'ப்' என்ற ஒலியை அன்று, 'ப' என்ற எழுத்தை நீக்கியது. உயிர்மெய்யில் பழகிய அந்த வயதில் இது நோயன்று.

மற்றது இதைவிடப் பொல்லாதது. எழுதியபடி ஒலிக்கும் பாஷைகளில் வாசிப்புக் குறையுள்ள குழந்தை பிழையாக வாசிப்பதில்லை, மெதுவாக வாசிக்கிறது. இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் ஆகிய மூவரிலும் இக்குறையுள்ளவர்களை ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஆராய்ச்சியில், இத்தாலியர் மற்ற இருவரைவிடச் சரியாகவே வாசித்தார்கள். ஆனால் மூளைப் படத்தில் மூவருக்கும் இடப்பக்கத்தில் அதே பகுதிதான் மந்தமாக இருந்தது. தமிழ்க் குழந்தை ஒன்று பாடத்தைத் தப்பில்லாமல், ஆனால் ஒவ்வோர் எழுத்தாக இழுத்து இழுத்து வாசித்தால், பிழையை மட்டும் எண்ணும் வாத்தியார் அதற்கு முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவார். பிழையோடு நேரத்தையும் கணக்கிட வேண்டும். அதே வகுப்பில் படிக்கும் மற்றக் குழந்தைகள் அதே பக்கத்தை எத்தனை நிமிஷத்தில் முடிக்கிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக் கொண்டால் வித்தியாசம் வெளிப்பட்டுவிடும். கெ, கே, கொ, கோ என்ற கொம்பெழுத்துக்களில் மட்டும் தயங்குகிறதா, எல்லா எழுத்திலுமா என்பதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். முன்னதானால் பழக்கம் போதவில்லை என்று கொள்ளலாம்; மேல் வகுப்புக்கு வந்த பின்னும் எல்லா எழுத்திலும் தயக்கம் நீங்காவிட்டால், அதை அறிந்த வைத்தியரிடம் குழந்தையைக் காட்டுவதே முறை.