பூச்சுக்குள் போகிற சிமெண்ட் மூட்டைகள்

சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட். வீடு கட்ட இறங்குகிறவர் காதில் முதலில் விழும் கணக்கு இதுதான். 1,200 சதுர அடி வீடென்றால் 480 மூட்டை. அனுபவத்தில் பிறந்த உத்தேசக் கணக்கு என்பதால் பொதுவாக ஒத்துத்தான் வரும். ஆனால் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், வாசல் படி எல்லாம் பெரும்பாலும் இதில் சேராது. அதனால் மூட்டை கூடுகிறதே என்று பதறும் முன், இவை எஸ்டிமேட்டில் இருக்கின்றனவா என்று இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அவற்றுக்கான சிமெண்டைத் தனியாகக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

அதையெல்லாம் கழித்த பிறகும் வீட்டுக்குள்ளேயே மூட்டைகள் கூடுதலாகப் போகும். நான் பார்த்தவரை அதில் பெரும்பங்கு போவது பூச்சு வேலையில். உரிமையாளர் அதிகம் கவனிக்காத வேலையும் அதுதான். தளம் போடும் நாளில் குடும்பமே வந்து நிற்கும். பூச்சு நடக்கும் வாரங்களில் ஆள் இருக்காது.

நம் 1,200 சதுர அடி வீட்டில் உள்சுவர்ப் பூச்சு மட்டும் 3,000 சதுர அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட்டில் 12 மில்லிமீட்டர் தடிமன், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்று போட்டிருப்பார்கள். அதற்குத் தேவை ஏறக்குறைய 21 மூட்டை. இதே சுவரில் பூச்சு 20 மில்லிமீட்டராகிவிட்டால் 36 மூட்டை. கூடியது வெறும் 8 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனாலும் 15 மூட்டை சுவருக்குள் போய்விட்டது.

ஏன் தடிமன் கூடுகிறது? கொத்தனார் வேண்டுமென்று கூட்டுவதில்லை. பூச ஆரம்பிக்கும் முன் அவர் சுவரில் நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். சுவரில் எந்த இடம் அதிகம் துருத்திக்கொண்டு இருக்கிறதோ, அந்த இடத்தில் மிகக் குறைந்த தடிமன் வைத்து, மற்ற இடங்களை அந்த மட்டத்துக்குக் கொண்டு வருவார். ஆக, துருத்திய ஓரிடம்தான் சுவர் முழுவதற்கும் தடிமனைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் அந்த ஓரிடம் ஒரு பில்லராக இருக்கும். கான்கிரீட் ஊற்றும்போது பலகைக்கு முட்டு போதாமல் வயிறு தள்ளி, பில்லர் செங்கல் முகத்தைவிட அரை அங்குலம் வெளியே வந்திருக்கும். அதைச் சமப்படுத்த, பத்தடி சுவர் முழுக்க அரை அங்குலம் கூடுதலாகப் பூச வேண்டிவரும். பில்லருக்குக் கான்கிரீட் போட்ட அன்று நடந்த தவறுக்கு, மாதங்கள் கழித்துப் பூச்சில் சிமெண்டாகப் பணம் கட்டுகிறோம்.

செங்கல்லும் ஒரு காரணம். நாட்டுச் செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்பது அங்குலச் சுவரில் கொத்தனார் நூல் பிடித்துக் கட்டுகிற பக்கம் நேராக வரும். செங்கல் நீள வித்தியாசமெல்லாம் மறுபக்கத்தில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அந்தப் பக்கத்துப் பூச்சு கட்டாயம் தடிக்கும். இதை முழுக்கத் தவிர்க்க வழியில்லை; எஸ்டிமேட்டிலேயே அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் தடிமன் போட்டிருக்க வேண்டும்.

தடித்த பூச்சு இன்னொரு செலவையும் இழுத்து வரும். ஒரே நாளில் கனமாக ஏற்றிய கலவை சுவரில் நிற்காமல் தொங்கும். ஈரத்தை இழுக்க அதன்மேல் வெறும் சிமெண்டை அள்ளித் தூவித் தேய்ப்பார்கள். இதற்கு எந்தக் கணக்கும் கிடையாது; மூட்டை திறந்தே கிடக்கும், கை கையாகப் போகும். சிமெண்ட் வீணாவது மட்டுமல்ல, மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கி, சில வாரத்தில் சிலந்தி வலைபோல வெடிப்பு விடும். தடிமன் கட்டாயம் என்றால் இரண்டு கைப் பூச்சாகச் செய்யச் சொல்லுங்கள். முதல் பூச்சைச் சொரசொரப்பாக விட்டு, அது இறுகியபின் இரண்டாவது.

அடுத்தது மணல். ஈர மணல் உப்பும். ஆற்று மணலோ எம்-சாண்டோ, லேசான ஈரம் பட்டதும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால் அளவில் பெருகித் தெரியும். நுண்ணிய மணலில் இது இன்னும் அதிகம். கால் பங்கு உப்பியிருக்கிறது என்றால், ஐந்து பெட்டி அளந்து போட்டாலும் உண்மையில் விழுவது நான்கு பெட்டி மணல்தான். ஒன்றுக்கு ஐந்து என்று நாம் நினைத்திருக்க, கலவை ஒன்றுக்கு நான்காகிவிடுகிறது. மேலே சொன்ன 36 மூட்டை இப்போது ஏறக்குறைய 43. எஸ்டிமேட்டின் 21, யாரும் எதையும் எடுத்துப் போகாமலே இரண்டு மடங்காகிவிட்டது.

இதைச் சைட்டிலேயே சோதிக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் மணலை அழுத்தாமல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். மணலை வேறொன்றில் கொட்டிவிட்டு, பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் கிளறுங்கள். தண்ணீரில் மூழ்கிய மணல் தன் உண்மையான அளவுக்கு இறங்கிவிடும். 16 சென்டிமீட்டரில் நின்றால் கால் பங்கு உப்பல். அன்றைக்கு ஐந்து பெட்டிக்குப் பதில் ஆறேகால் பெட்டி மணல் போட வேண்டும். மழை பெய்த மறுநாள், புது லோடு இறங்கிய நாள் என்று ஈரம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பெட்டி என்று சொன்னேன். பல சைட்டுகளில் பாண்டுதான் அளவு. காலையில் கோபுரமாக அள்ளும் பாண்டும், மாலையில் களைத்த கை அள்ளும் பாண்டும் ஒன்றல்ல. ஒரு மூட்டை சிமெண்ட் ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. அடிப்புறம் ஒரு அடிக்கு ஒரு அடி, உயரம் 15 அங்குலம் உள்ளளவாக ஒரு மரப்பெட்டி செய்துவிட்டால், ஒரு மூட்டைக்கு இத்தனை பெட்டி என்று நேராக அளந்துவிடலாம்.

தளத்திலும் இதே கதை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1,200 சதுர அடி ரூஃப் ஐந்து அங்குலத்துக்குப் பதில் ஐந்தரை அங்குலமானால், கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம், 11 மூட்டை கூடும். சென்ட்ரிங் பலகை நடுவில் தாழ்ந்திருந்தால் இது நடக்கும். கான்கிரீட் ஊற்றும் முன் மட்டம் பார்ப்பதும், ஊற்றும்போது ஐந்து அங்குலத்தில் கோடு போட்ட கம்பியை அங்கங்கே குத்திப் பார்ப்பதும் போதும். மூட்டையை மிச்சம் பிடிக்க அந்தத் தடிமனுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

பூச்சைப் பொறுத்தவரை, கொத்தனார் கலவை போடும் முன் ஒரு நாள் ஒதுக்கி, அவரோடு அறை அறையாக நூல் பிடித்துப் பாருங்கள். துருத்திய பில்லரை எவ்வளவு கொத்தலாம் என்று இன்ஜினியரைக் கேளுங்கள். கம்பி தெரியும்வரை கொத்தக் கூடாது. ஒவ்வொரு சுவருக்கும் வரப்போகும் தடிமனைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதி வைத்தால், அந்த அறைக்கு எத்தனை மூட்டை ஆகும் என்பது பூசும் முன்னரே தெரிந்துவிடும். 12 மில்லிமீட்டருக்கு நூறு சதுர அடிக்கு முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. தடிமன் ஏற ஏற அதே விகிதத்தில் ஏறும். தினமும் மாலையில் காலிச் சாக்குகளை எண்ணிக் கட்டி வைத்து, எந்த அறைக்கு எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். சுவரில் எழுதிய தடிமனுக்கும் நோட்டில் உள்ள மூட்டைக்கும் ஒத்துப்போகாத அறை ஏதாவது இருந்தால், அங்கே மேஸ்திரியிடம் கேட்பதற்கு உங்களுக்குக் கேள்வி இருக்கிறது.