எண்ணெய் மிதக்கும் மலம்: ஜியார்டியா தொற்று

ஜியார்டியா சிறுகுடலில் தங்கும் ஒட்டுண்ணி. உடல் முழுதும் ஒரே செல்தான். மலம் கலந்த தண்ணீரில் அது கெட்டி ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும். குளிர்ந்த நீரில் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். வழக்கமான அளவு குளோரினுக்கு அந்த ஓடு எளிதில் மசியாது. நார்வேயின் பெர்கன் நகரில் 2004-ல் ஏரித் தண்ணீரைக் குளோரின் கலந்து, ஆனால் வடிகட்டாமல் குழாயில் விட்டார்கள். ஏரியில் கழிவுநீர் கசிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. கொதிக்கவைத்தால் கதை வேறு: தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே கிருமி செத்துவிடும், 2000 மீட்டருக்கு மேலான மலைகளில் மூன்று நிமிடம் வேண்டும்.

மலையேறப் போன ஒருவர் ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம், பத்து நாள் வரை ஒன்றும் தெரியாது. ஊர் திரும்பி ஓடையை மறந்த பிறகுதான் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம் வரும். வயிறு மத்தளம்போல் உப்பும். மலம் வெளிறி, பிசுபிசுத்து, சகிக்க முடியாத நாற்றத்தோடு போகும். தண்ணீர் ஊற்றினாலும் மிதக்கும். உறிஞ்சுகுழி போன்ற தட்டால் கிருமி குடல்சுவரைப் பற்றிக்கொள்வதால் கொழுப்பு சரியாக உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறுவதே காரணம். சுவரைத் துளைத்து உள்ளே போகாததால் மலத்தில் ரத்தம் இருக்காது; காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது. ரத்தம் தெரிந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். சாதாரண வயிற்றுப்போக்கு சில நாளில் அடங்கும். இது வாரக்கணக்கில் இழுத்து எடையைக் குறைக்கும்.

மலப் பரிசோதனைதான் வழி. கிருமி தினமும் ஒரே அளவில் வெளியேறாது என்பதால், நுண்ணோக்கியில் ஒருமுறை தென்படவில்லை என்பதை வைத்து இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுக்க வேண்டும். ஆன்டிஜன், பிசிஆர் பரிசோதனைகள் நுண்ணோக்கி தவறவிடுவதையும் பெரும்பாலும் பிடித்துவிடும்.

பெரியவர்களுக்கு டினிடசோல் 2 கிராம், சாப்பாட்டோடு ஒரே வேளையில் தரப்படுகிறது. மெட்ரோனிடசோல் என்றால் ஐந்து முதல் ஏழு நாள். வாயில் உலோகச் சுவை தட்டும். இரண்டோடும் மது ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தையும் அளவையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்து முடிந்தும் வயிறு உப்பினால் முதலில் பாலைச் சந்தேகிக்கலாம். குடல்சுவர் தேறும்வரை பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கும். சில வாரம் பாலை நிறுத்தினால் பலருக்குச் சரியாகும். இதை மருந்து தோற்றதாக எண்ணி மறுபடி மாத்திரை போடுவோர் உண்டு. அதற்கு முன் மலத்தை இன்னொருமுறை சோதித்துப் பார்ப்பதே முறை.