வேலை இல்லை என்ற நிறுவனமே மீண்டும் அழைத்தால்...

“மேடம், ஜூன் மாசம் எங்க கம்பெனிக்கு இன்டர்வியூ வந்திருந்தீங்க. இப்ப உங்களுக்கு ஏத்த மாதிரி ஒரு வேலை இருக்கு. வர்றீங்களா?”

ஜனவரியில் இப்படி ஓர் அழைப்பு வருகிறது. அழைக்கப்பட்டவரைக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். கோவையில் ஓர் ஆலையில் ஐந்து ஆண்டுகளாக வார்ப்புப் பாகங்களின் தரத்தைச் சோதிப்பவர். ஜூனில் அவர் விண்ணப்பித்தது பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தரப்பிரிவு மேலாளர் பதவிக்கு. கடைசிச் சுற்றுவரை போனார். பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்கிய அனுபவம் இல்லை என்பதால் வாய்ப்பு இன்னொருவருக்குப் போனது. இப்போது அதே நிறுவனத்துக்கு, வெளி ஃபவுண்டரிகளுக்கு நேரில் போய் வார்ப்புகளைப் பார்த்து ஏற்கவோ திருப்பி அனுப்பவோ ஓர் ஆள் வேண்டும். கவிதாவின் கைக்கு இது பழகிய வேலை.

நிறுவனத்துக்கும் இது லாபம்தான். புதிதாக ஆள் தேடும் அலைச்சல் மிச்சம். ஆனால் அழைப்பவர் கையில் இருப்பது ஏழு மாதப் பழைய கோப்பு. இதில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அழைப்பது யார்?

வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றிய ரெஸ்யூமே எத்தனை கைகளுக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. “முன்பே இன்டர்வியூ கொடுத்தீர்களே” என்று தொடங்கினால் நாம் எளிதில் நம்பிவிடுவோம் என்பது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். அதனால் கவிதா முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல. “ஜூன்ல என்னை இன்டர்வியூ பண்ணது யாருங்க? எந்தப் பதவிக்கு?” என்றுதான். உண்மையான எச்.ஆர். கோப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவார். மற்றவர் பேச்சை மாற்றுவார், அவசரப்படுத்துவார்.

பிறகு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி, முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதை நிறுவனத்தின் இணையதள முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். வந்த எண்ணையே திருப்பி அழைத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை. லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு உண்டு. அதனால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த முறை எது வேறு?

அழைப்பு உண்மைதான் என்று தெரிந்தபின் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். போன முறை என்ன காரணத்தால் வேண்டாம் என்றார்கள்? இந்த வேலைக்கு அந்தக் காரணம் பொருந்துமா? இந்தப் பதவிக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் கிடைத்துவிட்டதா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் சட்டக் கடமை தனியார் நிறுவனத்துக்குப் பொதுவாகக் கிடையாது. ஆனாலும் திரும்ப அழைப்பவர் இதைச் சொல்லத் தயங்கினால், பழைய கோப்பைப் படிக்காமலே பட்டியலில் உள்ள எல்லோரையும் அழைக்கிறார் என்று ஊகிக்கலாம். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஒப்புதல் வராத பதவிக்கு முன்கூட்டியே ஆள் பார்த்து வைப்பதும், பிறகு பதவியே இல்லாமல் போவதும் நடப்பதுண்டு.

எந்தச் சுற்றுகளுக்கு மறுபடி வர வேண்டும் என்றும் கேளுங்கள். ஜூனில் தேறிய எழுத்துத் தேர்வை விட்டுவிடச் சொல்லிக் கேட்பது நியாயம்தான். புது வேலைக்கான நேர்காணலைத் தவிர்க்கச் சொல்வது உங்களுக்கே நல்லதல்ல. அந்த வேலை எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ளும் இடமும் அதுதான்.

அன்றைக்கே புதிய ரெஸ்யூமே அனுப்பி, இனி இதையே பயன்படுத்தும்படி எழுதுங்கள். இடையில் கவிதாவுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, பொறுப்பும் மாறியிருக்கிறது. பழைய தாளிலேயே போனால் அன்று அவர் கேட்ட சம்பளத்திலிருந்துதான் பேரம் தொடங்கும். பின்னணிச் சரிபார்ப்பில் விவரங்கள் முரண்பட்டால் பொய் சொன்னவர் என்ற பெயரும் வரும். இப்போதைய முதலாளியிடம் தன் அனுமதியின்றி விசாரிக்க வேண்டாம் என்பதையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடலாம்.

கோப்பின் மேல் உங்களுக்குள்ள உரிமை

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வாடகை வீடு தேடும் ஒருவர் தரகரிடம் தன் விவரங்களைத் தருகிறார். பிறகு, இனி உதவி வேண்டாம் என்கிறார். அத்தோடு தரகர் அந்த விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்தவரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஒரு வேலைக்குக் கொடுத்த விவரத்தை வேறு வேலைகளுக்காகவும் வைத்துக்கொள்ள நினைக்கும் நிறுவனம், நிராகரிக்கும்போதே அதைச் சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுவது பாதுகாப்பு.

என்ன விவரம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் இந்தச் சட்டம் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு என்பதால், அவை 2027 மே மாதம்தான் முழுமையாக நடைமுறைக்கு வரும். அதன்பின், முதலில் நிறுவனத்திடம் குறை சொல்லி, தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். அதுவரையிலும் எழுதிக் கேட்பதற்குத் தடையில்லை. இரண்டு வரி போதும்: “ஜூன் மாதம் நான் அளித்த ரெஸ்யூமேயையும் என் தொடர்பு விவரங்களையும் நீக்கிவிடுங்கள். நீக்கியதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள்.”

ஆஃபர் கையில் வராமல் பேப்பர் போடாதீர்கள்

பெரிய இழப்பு நேர்வது இங்கேதான். “நீங்க ஏற்கெனவே எல்லாச் சுற்றும் பார்த்தவங்க, ஆஃபர் வந்துடும், பேப்பர் போட்டுடுங்க” என்பார்கள். பழகிய குரல் என்பதால் நம்பிக்கை வந்துவிடும். வாய்வார்த்தையை நம்பி ராஜினாமா செய்தபின் ஆஃபர் வராவிட்டால், அப்படி ஒரு வாக்குறுதி இருந்தது என்று நிரூபிப்பதே பெரும்பாடு. எழுத்தில் வந்து நீங்களும் ஏற்ற ஆஃபரை ரத்து செய்தால், ஒப்பந்த மீறல் என்று இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றம் போகலாம். அப்போதும் அதிகபட்சம் கிடைப்பது பணம்தான். தனியார் வேலையைக் கட்டாயப்படுத்தி வாங்கித் தர நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை.

ஆஃபர் லெட்டரில் பதவியின் பெயர், சேரும் தேதி, சம்பளப் பிரிவுகள், எந்த நிபந்தனையில் அதை ரத்து செய்யலாம் என்ற நான்கையும் பாருங்கள். இப்போதைய வேலையின் நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம் என்றால் சேரும் தேதி அதற்கு இடம் தர வேண்டும். கவிதாவுக்கு வந்த முதல் கடிதத்தில், ஜூனில் அவர் விண்ணப்பித்த மேலாளர் பதவியின் பெயரே அச்சாகியிருந்தது. பழைய கோப்பிலிருந்து நகலெடுத்த பிழை. அதைத் திருத்திய கடிதம் வரும்வரை அவர் கையெழுத்துப் போடவில்லை, பேப்பரும் போடவில்லை.